கடைக் கம்ப்யூட்டர் திறக்கவில்லையா? ஃபார்மேட் போடுவதற்கு முன் ஒரு பென்டிரைவ்

திருப்பூர் வட்டாரத்தில் சனிக்கிழமை என்றால் மளிகைக் கடைக்காரருக்கு மற்ற நாள் போல அல்ல. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வரும் நாள் அது. மாலை ஆறு மணிக்கு மேல் கடை வாசலில் நிற்க இடம் இருக்காது. போன வாரப் பாக்கியைக் கட்டிவிட்டு அடுத்த வாரத்துக்குச் சாமான் எடுத்துப் போகிறவர்களே அதில் பாதிப் பேர். அப்படியொரு சனிக்கிழமை காலையில் நம் உறுப்பினர் ஒருவரின் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் திறக்கவில்லை.

முந்தின இரவு கடை சாத்தும் நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நடுவில் கரண்ட் போனது. யு.பி.எஸ். இருந்தது, ஆனால் அதன் பேட்டரி எப்போதோ செத்துப்போய், பெட்டி மட்டும் மேஜைக்கு அடியில் அழகுக்கு நின்றது. காலையில் ஸ்விட்சைப் போட்டதும் நீலத் திரை. அதில் "The Boot Configuration Data for your PC is missing or contains errors" என்று ஒரு வரி, அதற்குக் கீழே 0xc000000f என்று ஓர் எண். வழக்கமாக வரும் சர்வீஸ் தம்பிக்குப் போன் போட்டால், "ஃபார்மேட் போட்டுடலாமுங்கண்ணா, ஒரு மணி நேரத்துல ஏத்தி விட்டுடறேன்" என்று பதில் வந்தது.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஃபார்மேட் என்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. எந்தக் கோளாறாக இருந்தாலும் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கிவிடும். விண்டோஸ் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் என்பதும் உண்மைதான். ஆனால் கடை ஓடுவதற்கு அது போதாது. பில் அடிக்கும் தெர்மல் பிரின்டருக்கு டிரைவர் போட வேண்டும். எலெக்ட்ரானிக் தராசு கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தால் அதன் போர்ட் எண்ணை மறுபடி கொடுக்க வேண்டும். டேலியின் லைசென்சை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். அதற்கான மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் கணக்கு எழுதுகிறவரிடம்தான் இருக்கும், அவர் வருவதோ மாதம் இரண்டு நாள். இதெல்லாம் போகட்டும். ஃபார்மேட் போடும்போது டேட்டா இருந்த பகுதியையும் சேர்த்து அழித்துவிட்டால் கடன் பாக்கி, ஸ்டாக், வரவு செலவு எல்லாம் போய்விடும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளை வைத்திருக்க வேண்டியவர்கள் நாம். "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுங்க" என்பது அதிகாரியிடம் எடுபடுகிற பதில் அல்ல.

பூட்டு வேறு, சரக்கு வேறு

குடோனின் ஷட்டர் பூட்டு இறுகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் சரக்கு மூட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூட்டுக்காரரைக் கூப்பிடுவோமே தவிர, குடோனை இடித்துக் கட்ட மாட்டோம். கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். டிஸ்கில் மூன்று சமாசாரங்கள் தனித்தனியாக இருக்கின்றன. முதலாவது, விண்டோஸ் எங்கே இருக்கிறது, எப்படித் தொடங்க வேண்டும் என்று சொல்லும் மிகச் சிறிய பூட் பகுதி. இரண்டாவது, விண்டோஸ் என்கிற பெரிய தொகுதி. மூன்றாவது, நம்முடைய பில்லும் கணக்கும். நம் உறுப்பினர் கடையில் பழுதானது முதலாவது மட்டும்தான். அந்த நீலத் திரையே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு சிறு கோப்பு கெட்டால்கூடக் கம்ப்யூட்டர் திறக்காது என்பதை உலகமே ஒரு நாள் பார்த்தது. 2024 ஜூலை 19-ஆம் தேதி, நம் நேரப்படி காலை 9.39-க்கு, கிரௌட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்ததை அன்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. பழுதுபார்க்கும் திரைக்குள் போய் C-00000291 என்று தொடங்கும் ஒரு கோப்பை நீக்கினால் போதும், அவை எழுந்துகொண்டன. அதற்காக மைக்ரோசாஃப்டே யு.எஸ்.பி. பென்டிரைவில் போட்டுக்கொள்ளும் ஒரு கருவியைத் தயாரித்து வெளியிட்டது. ஆனாலும் பல இடங்களில் நாள் கணக்கில் வேலை இழுத்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கு முன்னாலும் ஓர் ஆள் போய் நிற்க வேண்டியிருந்தது ஒரு காரணம். டிஸ்க் பூட்டப்பட்டிருந்த கம்ப்யூட்டர்களுக்கு அதன் சாவி எண்ணைத் தேட வேண்டியிருந்தது இன்னொரு காரணம். இந்தச் சாவி விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

பென்டிரைவ் தயாரிப்பது

விண்டோஸுக்குள்ளேயே பழுதுபார்க்கும் அறை ஒன்று இருக்கிறது. இரண்டு முறை அடுத்தடுத்துத் திறக்க முடியாமல் போனால் அது தானாகவே வந்துவிடும். அப்படியிருக்கத் தனியாகப் பென்டிரைவ் எதற்கு என்று கேட்கலாம். அந்த அறையும் அதே டிஸ்கில்தான் இருக்கிறது. அதற்கு வழி சொல்வதும் அதே பூட் பகுதிதான். நம் உறுப்பினரின் கடையில் வழி சொல்லும் பகுதியே கெட்டிருந்ததால் அந்த அறை திறக்கவே இல்லை. 2025 அக்டோபரில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. KB5066835 என்ற விண்டோஸ் 11 அப்டேட்டைப் போட்டுக்கொண்ட கம்ப்யூட்டர்களில், அந்த அறைக்குள் போனால் யு.எஸ்.பி. கீபோர்டும் மவுசும் வேலை செய்யாமல் நின்றன. அறை திறக்கிறது, உள்ளே கை நீட்ட முடியவில்லை! சில நாளில் மைக்ரோசாஃப்ட் அதைத் திருத்திவிட்டது. அதற்கு முன்பே தனியாகப் பென்டிரைவ் போட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பென்டிரைவில் இரண்டு வகை உண்டு. முதல் வகையை நம் கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்ளலாம். ஸ்டார்ட் மெனுவில் "Create a recovery drive" என்று தட்டச்சு செய்தால் அந்தக் கருவி வரும். அதில் "Back up system files to the recovery drive" என்ற கட்டத்தில் டிக் இருக்கட்டும். 16 ஜி.பி. பென்டிரைவ் தேவை, சில கம்ப்யூட்டர்கள் 32 ஜி.பி. கேட்கும். எவ்வளவு வேண்டும் என்று கருவியே சொல்லும். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அனைத்தும் அழிந்துவிடும் என்பதால் பேரன் பிறந்த நாள் படம் இருக்கும் பென்டிரைவைக் கொடுத்துவிடாதீர்கள். வேலை முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கடை சாத்தும் நேரத்தில் தொடங்குவது நல்லது. "பேக்கப்" என்ற சொல்லைப் பார்த்து நம் கணக்கும் அதில் பதிவாகிவிட்டது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அதில் இருப்பது விண்டோஸ் மட்டுமே. நம் டேலி டேட்டா ஒரு வரிகூட அதில் போகாது.

இரண்டாவது வகை, மைக்ரோசாஃப்டின் இணையதளத்தில் கிடைக்கும் Media Creation Tool வழியாகப் போடுவது. இதற்கு 8 ஜி.பி. போதும். ஆனால் பல ஜி.பி. டவுன்லோடு ஆகும் என்பதால் நல்ல இணைய இணைப்பு வேண்டும். இந்த வகையின் அருமை என்னவென்றால், நம் கம்ப்யூட்டர் படுத்த பிறகும் பக்கத்துக் கடைக் கம்ப்யூட்டரில் இதைப் போட்டுக்கொண்டு வரலாம். இரண்டில் எது இருந்தாலும் பூட் பழுது பார்க்கும் வேலை நடக்கும்.

பென்டிரைவைப் போட்ட அன்றே ஒரு முறை அதிலிருந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட வேண்டும். ஸ்விட்சைப் போட்டதும் பூட் மெனுவுக்கான கீயை விட்டு விட்டுத் தட்ட வேண்டும். டெல், லெனோவோ, ஏசர் என்றால் பெரும்பாலும் F12, ஹெச்.பி. என்றால் F9, அசெம்பிள் செய்த கம்ப்யூட்டராக இருந்தால் மதர்போர்டைப் பொறுத்து F8, F11, F12 இவற்றில் ஒன்று. வருகிற பட்டியலில் பென்டிரைவின் பெயரைத் தேர்ந்தால், முதல் வகையில் கீபோர்டு மொழி கேட்டு "Choose an option" என்ற திரை வரும். அங்கேயே "Turn off your PC" கொடுத்து அணைத்துவிடலாம். எந்தக் கீ வேலை செய்தது என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பென்டிரைவோடு கட்டிவிடுங்கள். சனிக்கிழமை காலை அவசரத்தில் அது ஞாபகத்துக்கு வராது.

இப்போது சாவி. புதிதாக வாங்கும் விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுத் தொடங்கியதுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. நமக்கு அது நடந்ததே தெரியாது. பிட்லாக்கர் என்று அதற்குப் பெயர். பழுது பார்க்கப் போனால் 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் டேட்டாவை எவராலும் எடுக்க முடியாது, தயாரித்த கம்பெனியாலும் முடியாது. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே, ஸ்டார்ட் மெனுவில் Command Prompt-ஐ "Run as administrator" என்று திறந்து கீழ்க்கண்ட இரண்டு வரிகளையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள்.

```
manage-bde -status C:
manage-bde -protectors -get C:
```

முதல் வரிக்கு "Fully Decrypted" என்று பதில் வந்தால் பூட்டு இல்லை, கவலையும் இல்லை. வேறு மாதிரி வந்தால் இரண்டாவது வரி அந்த 48 இலக்க எண்ணைக் காட்டும். அதைக் காகிதத்தில் எழுதிக் கல்லாப்பெட்டியின் அடியிலோ வீட்டு பீரோவிலோ வைத்துவிடுங்கள். அதே கம்ப்யூட்டரில் சேமித்து வைப்பது, பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

அன்று சனிக்கிழமை நடந்தது

நம் உறுப்பினரிடம் முதல் வகைப் பென்டிரைவ் இருந்தது. சில மாதங்களுக்கு முன் நாம் பேசிக்கொண்டிருந்தபோது போட்டு வைத்தது. முதலில் கம்ப்யூட்டரில் செருகியிருந்த மற்ற எல்லாவற்றையும் கழற்றச் சொன்னோம். பாட்டுப் பென்டிரைவ் ஒன்று பின்னால் செருகியிருந்ததால் கம்ப்யூட்டர் திறக்காமல் நின்று, ஆயிரம் ரூபாய் சர்வீஸ் கட்டணம் கொடுத்தவரையும் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே அது இல்லை. கழற்றிய பின்னும் அதே நீலத் திரை. அடுத்து, டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தோம். F12 பட்டியலில் உள்ளே இருக்கும் எஸ்.எஸ்.டி.யின் பெயர் தெரிந்தது. அதுவே பாதி நிம்மதி.

பென்டிரைவிலிருந்து திறந்ததும் நேராகப் பழுது பார்க்கப் போகவில்லை. முதலில் டேட்டாவை வெளியே எடுத்தோம். "Troubleshoot" போய், "Advanced options" போய், "Command Prompt" திறந்து, notepad என்று தட்டச்சு செய்தோம். நோட்பேடில் "File", "Open" கொடுத்து, கீழே "All Files" என்று மாற்றினால், டிஸ்கில் உள்ள எல்லாக் கோப்புகளும் தெரியும். அந்தச் சிறு ஜன்னலிலேயே டேலி டேட்டா ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து "Copy" கொடுத்து, வேறொரு பென்டிரைவில் "Paste" செய்துவிடலாம். இரண்டு விஷயம் இதில் குழப்பும். வழக்கமான C: இங்கே D: என்றோ E: என்றோ காட்டலாம், எழுத்தைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் ஃபோல்டர்களைப் பார்க்க வேண்டும். காப்பி ஆகும்போது எவ்வளவு முடிந்தது என்று எதுவும் காட்டாது, திரை உறைந்தது போல நிற்கும். பதறி அணைத்துவிடக் கூடாது. டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது, டேலியில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் வழக்கமாகவே தெரியும். அதையும் முன்கூட்டியே அந்தச் சீட்டில் எழுதி வைப்பது நல்லது.

டேட்டா கையில் வந்த பிறகு, அதே "Advanced options" திரையில் "Startup Repair" கொடுத்தோம். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ரிகவரி பென்டிரைவில் "Troubleshoot" திரையிலேயே "Recover from a drive" என்று இன்னொன்றும் இருக்கும். பெயரைப் பார்த்தால் காப்பாற்றுவது போலத் தோன்றும். உண்மையில் அது டிஸ்கில் உள்ள அனைத்தையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது. அவசரத்தில் விரல் அங்கே போய்விடக் கூடாது. இரண்டாவது வகைப் பென்டிரைவாக இருந்தால், "Install" பக்கம் போகாமல் "Repair my PC" அல்லது "Repair your computer" என்பதைத் தேர்ந்தால் இதே திரைக்கு வரலாம்.

முதல் முறை ஓடி முடித்து, "Startup Repair couldn't repair your PC" என்றது. நம் உறுப்பினருக்கு முகம் வாடிவிட்டது. ஒரே ஓட்டத்தில் எல்லாம் சரியாகிவிடாது; ஒரு பழுதைச் சரிசெய்த பிறகுதான் சில சமயம் அடுத்தது கண்ணில் படும். அணைத்துத் திறந்து மறுபடி கொடுத்தோம். இரண்டாம் முறை முடிந்து, பென்டிரைவைக் கழற்றி ஸ்விட்சைப் போட்டதும், நடுவில் நின்ற அப்டேட்டைத் தானே முடித்துக்கொண்டு விண்டோஸ் திறந்தது. பிரின்டரும் தராசும் டேலியும் இருந்த இடத்திலேயே இருந்தன. எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். அதில் முக்கால்வாசி நேரம் டேட்டா காப்பிக்குப் போனது. யு.பி.எஸ். பேட்டரியை அன்றே மாற்றச் சொல்லிவிட்டு வந்தோம்.

மூன்று முறை கொடுத்தும் கேட்கவில்லை என்றால் அதற்கு மேல் அதையே கொடுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அப்டேட் முடிந்த பிறகு தொடங்கிய தொல்லை என்றால், அதே திரையில் "Uninstall Updates" இருக்கிறது. அதில் "Uninstall latest quality update" கொடுத்துப் பார்க்கலாம். அதற்கும் மசியாவிட்டால், bcdboot என்ற கட்டளையால் பூட் பகுதியைப் புதிதாக எழுதத் தெரிந்த ஆளைக் கூப்பிட வேண்டும். "பூட் மட்டும் சரி பண்ணிக் கொடுங்க, ஃபார்மேட் வேண்டாம்" என்று நாமே தெளிவாகச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

ஃபார்மேட்தான் சரி என்னும் இடங்கள்

அதற்காக ஃபார்மேட்டே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வைரஸ் புகுந்த கம்ப்யூட்டரில் "Startup Repair" கொடுப்பது வீண். கோப்புகளின் பெயர் வால் எல்லாம் மாறி, பணம் கேட்டு ஓர் அறிவிப்பு திரையில் நின்றால், பூட் நன்றாகத்தான் இருக்கிறது, சரக்கில்தான் கை வைத்திருக்கிறார்கள். அங்கே டிஸ்கை முழுக்க அழித்து, மைக்ரோசாஃப்டிலிருந்து எடுத்த பென்டிரைவால் புதிதாக ஏற்றி, பழைய பேக்கப்பிலிருந்து டேட்டாவைக் கொண்டுவருவதுதான் வழி. அதற்கு முன் அந்தப் பேக்கப் பென்டிரைவை நோய் பிடித்த கம்ப்யூட்டரில் செருகவே கூடாது, அதையும் பூட்டிவிடும்.

டிஸ்க் சாகும் தறுவாயில் இருந்தாலும் பழுதுபார்ப்பு உதவாது. "No bootable device" என்று வந்து, பூட் பட்டியலில் டிஸ்கின் பெயரே காணவில்லை என்றால் கேபிளைப் பார்க்க வேண்டும், பிறகு டிஸ்கை மாற்ற வேண்டும். பழைய ஹார்டு டிஸ்கில் டக் டக் என்று சத்தம் கேட்டாலும், காப்பி செய்யும்போது ஒரே இடத்தில் பல நிமிடம் நின்றாலும், அதை மேலும் உழைக்க விடாமல் முக்கியமான டேட்டாவை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் சிலர் chkdsk கட்டளையை ஓட விட்டுவிடுகிறார்கள். நல்ல டிஸ்கில் அது உதவும். சாகிற டிஸ்கில், டேட்டாவை எடுப்பதற்கு முன் அதை ஓட்டினால் மிச்ச உயிரும் போய்விடும்.

விண்டோஸ் திறக்கிறது, ஆனால் தடுமாறுகிறது என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. விண்டோஸுக்குள் இருந்துகொண்டே இரண்டாவது வகைப் பென்டிரைவில் உள்ள setup கோப்பை இயக்கி, "Keep personal files and apps" என்பதைத் தேர்ந்தால், டேலியும் பிரின்டரும் அப்படியே இருக்க விண்டோஸ் மட்டும் புதிதாகும். "Reset this PC" என்பதில் உள்ள "Keep my files" இதே போன்றது என்று நினைத்துவிட வேண்டாம். அது நம் சொந்தக் கோப்புகளை விட்டுவைக்கும், ஆனால் டேலி போல நாம் ஏற்றிய புரோகிராம்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடும்.

நம் கடைகளில் இன்னும் பல விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் படுத்து, பழுதுபார்ப்பும் பலிக்காமல், எப்படியும் புதிதாக ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழையதையே ஏற்றுவதா, விண்டோஸ் 11 ஏற்கும் கம்ப்யூட்டராக மாற்றுவதா என்று அப்போதே பேசி முடிவெடுத்துவிடலாம். பூட் பழுது மட்டும் என்றால் அந்தச் செலவை ஒரு சனிக்கிழமை காலையில் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. சரிசெய்து ஓட்டிவிட்டு, கூட்டம் இல்லாத நாளில் யோசிக்கலாம்.

பென்டிரைவின் மேல் போட்ட தேதியை எழுதி ஒட்டுங்கள். விண்டோஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வருடத்துக்கு ஒரு முறை புதிதாகப் போட வேண்டும். புதுக்கணக்கு போடும் நாளோடு சேர்த்துக்கொண்டால் மறக்காது.